ஒரே ஒருமுறை ஒலிக்கும் முகவரி

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கேட்டல் தாளில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். முதல் பகுதியில் பெரும்பாலும் ஒரு படிவம் வரும். வீடு வாடகைக்குக் கேட்பவரோ வகுப்பில் சேர வருபவரோ பேசப் பேச, அவர் பெயரையும் எண்ணையும் முகவரியையும் நிரப்ப வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அந்த மதிப்பெண் போய்விடும்.

எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது B, C, D, E, G, P, T, V ஆகிய எட்டும் 'ஈ' என்றே முடிகின்றன. குடும்பப் பெயரை ஒருவர் "வி, ஏ, என், டி, ஈ, டபுள் எல்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் எழுதியதுமே சிக்கல் தெரிகிறது: 'டி' என்பது D-யா, T-யா? P, B இரண்டுக்கும் இதே கதிதான். ஆங்கிலேயர் P, T சொல்லும்போது 'ப்ஹீ', 'ட்ஹீ' என்று மூச்சு சீறும். வாய்முன் கையை வைத்துச் சொல்லிப் பார்த்தால் காற்று படும். B, D-யில் அப்படிப் படாது. மேலே சொன்ன பெயரில் சீறல் இல்லையென்றால் எழுத வேண்டியது VANDELL.

E-யும் ஒரு பொறி. 'ஈ' என்று காதில் விழுந்ததும் கை I என்று எழுதிவிடும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது இகரத்துக்கு I போட்டுப் பழகிய கை அது. ஏ என்றால் A, ஈ என்றால் E, ஐ என்றால் I என்று காதுக்குத் தனியாகப் பழக்க வேண்டும்.

எண்களில் 13-க்கும் 30-க்கும்தான் அதிகத் தடுமாற்றம். 'தர்ட்டீன்' என்பதில் அழுத்தம் பின்னால் விழும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அது பாதி உண்மை. '13, பார்க் ரோடு' என்று தெருப்பெயர் தொடர்ந்தால் அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும். கடைசி 'ன்' ஒலியைப் பிடிப்பதே நம்பகமான வழி. தொலைபேசி எண்ணில் 'ஓ' என்றால் சுழியம். 'டபுள் ஃபோர்' என்றால் 44. எண்ணைச் சொன்னவரே "சாரி" என்று திருத்தினால் பின்னால் சொன்னதே விடை.

பிரிட்டன் அஞ்சல் குறியீட்டுக்கு ஒரு வடிவம் உண்டு. GL7 4PD போல, இடைவெளிக்குப் பின் ஓர் இலக்கம், அதன்பின் இரண்டு எழுத்துகள். உண்மையான குறியீடுகளில் அந்தக் கடைசி இரண்டில் C, I, K, M, O, V வருவதே இல்லை. அங்கே 'ஈ' என்று முடியும் எழுத்து கேட்டால் C, V இரண்டையும் விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினாலும் தேர்வில் ஏற்பார்கள். பெயரின் முதலெழுத்தைச் சிறிதாக எழுதிவிட்டோமோ என்ற கவலையே வராது, அப்படியே எழுதிவிடுங்கள்.