ஆய்வுக் கலைச்சொற்களும் அவற்றின் அன்றாடப் பொருளும்: உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கட்டுரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

முதலாண்டு மாணவர் எழுதும் ஆய்வுக்கட்டுரைகளில் காணப்பெறும் பிழைகள் சில, கலைச்சொற்களை அவற்றின் அன்றாடப் பொருளில் கொள்வதால் நேர்கின்றன. மேற்கோள், கருத்துத் திருட்டு, ஆய்வுச்சுருக்கம், மதிப்பாய்வு ஆகிய நான்கு சொற்களை உத்திரமேரூர்க் கல்வெட்டு பற்றிய ஒரு மாதிரித் தொடரில் பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது. சொல்லின் வரையறையைக் காட்டிலும், அச்சொல் எழுப்பும் வினாவைக் கற்பிப்பதே பயன் தரும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: சான்று சுட்டல், கருத்துத் திருட்டு, மதிப்பாய்வு, குடவோலை.

முன்னுரை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. இவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை வழியாக உறுப்பினரைத் தெரிவு செய்யும் விதிகளை இரண்டும் கூறுகின்றன. இவை பற்றி எழுதும் மாணவர் ஒருவர், ‘வாரிய உறுப்பினர் 35 வயதிற்கு மேற்பட்டும் 70 வயதிற்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும் என உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறுகிறது’ என்று எழுதுவதாகக் கொள்வோம்.

மேற்கோளும் சான்று சுட்டலும்

இத்தொடரில் பாதி உண்மையே உள்ளது. 35, 70 என்னும் வரம்பு 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டிற்கு உரியது. 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு 30, 60 என வரையறுக்கிறது. ஆட்சியாண்டைச் சுட்டாத நிலையில், படிப்பவர் தொடரைச் சரிபார்க்க இயலாது.

தமிழில் பிறர் சொற்களை அப்படியே எடுத்தாள்வதும், செய்தி கிடைத்த இடத்தைக் குறிப்பதும் ‘மேற்கோள்’ என ஒரே சொல்லால் வழங்கப்பெறுகின்றன. அதனால், மேற்கோள் குறிக்குள் வருவனவற்றிற்கு மட்டுமே சான்று தேவை என மாணவர் கருதிவிடுகின்றனர். முன்னதை மேற்கோள் என்றும், பின்னதைச் ‘சான்று சுட்டல்’ என்றும் பிரித்து வழங்கினால் இக்குழப்பம் நீங்கும். வெங்கையா இக்கல்வெட்டுகளை இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் ஆராய்ந்துள்ளார். மாணவர் அதனைப் படிக்காமல் ஒரு பாடநூலில் மட்டும் செய்தியைக் கண்டிருந்தால், பாடநூலையே சுட்ட வேண்டும். படிக்காத நூலைப் படித்ததுபோலக் காட்டினால், பாடநூலின் பிழை மூலநூலின் பெயரால் பரவும்.

கருத்துத் திருட்டு

‘திருட்டு’ என்னும் சொல் உள்நோக்கத்தை உணர்த்துவது. ஆகவே, எண்ணித் திருடாதவரை குற்றமில்லை என்ற எண்ணம் எழுகிறது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் ஆட்சிமுறை பற்றிய 1932ஆம் ஆண்டு ஆங்கில நூல் இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்கிறது. அதன் வாதம் ஒன்றை மாணவர் தம் தமிழில், சான்றின்றி எழுதினால், சொற்கள் அவருடையனவாயினும் வாதம் அவருடையதன்று.

ஒப்புமை காணும் மென்பொருள் பெரிதும் சொல்தொடர்களையே ஒப்பிடுவதால், இத்தகைய மொழிமாற்றத்தைத் தவறவிடக்கூடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. உரிய சான்றுடன் எடுத்தாளப்பெற்ற பகுதிகள் அக்கணக்கில் சேர்வதும் இல்லை. எனினும், விழுக்காடு சொற்களின் அளவே. கருத்து யாருடையது என்பதை அது காட்டாது.

ஆய்வுச்சுருக்கம்

‘சுருக்கம்’ என்றதும் மாணவர் முன்னுரையைக் குறுக்கி எழுதுகின்றனர். ‘இக்கட்டுரை குடவோலை முறையை ஆராய்கிறது’ என்பது பொருளை அறிவிக்கிறது. கண்டது என்ன என்பதைக் கூறவில்லை. ‘இரு கல்வெட்டுகளையும் ஒப்பிட்டதில், ஈராண்டுக்குள் வயதின் கீழ்வரம்பு ஐந்தும் மேல்வரம்பு பத்தும் உயர்ந்துள்ளன, கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும் என்ற தகுதி, வேதக்கல்வி உடையோர்க்கு அரைக்கால் வேலியாகத் தளர்த்தப்பெற்றுள்ளது’ என எழுதினால் முடிவு வெளிப்படுகிறது. முடிவு தெளிந்த பின்னரே எழுத இயலுமாதலின், கட்டுரையின் தலைப்பில் நிற்கும் இப்பகுதி இறுதியில் எழுதப்பெறுவது.

மதிப்பாய்வு

இச்சொல் மாணவர்க்குத் தேர்வு மதிப்பெண்ணை நினைவூட்டுகிறது. அதே துறையில் ஆய்வோர், பெரும்பாலும் எழுதியவர் பெயரறியாமல், கட்டுரையைப் படித்து வினா எழுப்புவதே மதிப்பாய்வு. மேற்கண்ட மாணவர், ‘இளையோர் முறைகேடு செய்ததால் வயது வரம்பு உயர்ந்தது’ என எழுதியிருப்பின், ‘இக்காரணம் கல்வெட்டில் உள்ளதா, ஆசிரியரின் ஊகமா?’ என மதிப்பாய்வாளர் வினவுவார். அதற்குக் கல்வெட்டின் வரியைக் காட்டலாம். அல்லது, ஊகம் என வெளிப்படையாகத் திருத்தி எழுதலாம். ஒவ்வொரு வினாவிற்கும் என்ன மாற்றம், எப்பக்கத்தில் செய்யப்பெற்றது என மறுமொழிக் குறிப்பும் இணைக்க வேண்டும். மதிப்பாய்வாளர் பொதுவாகக் கல்வெட்டை நேரில் படித்துப் பார்ப்பதில்லை. ஆதலின், வாசிப்புப் பிழைக்கான பொறுப்பு ஆசிரியரையே சாரும்.

முடிவுரை

‘எங்கிருந்து அறிந்தது?’, ‘யாருடைய கருத்து?’, ‘கண்டது என்ன?’, ‘சான்று முடிவைத் தாங்குமா?’ என்பனவே இந்நான்கு சொற்களும் எழுப்பும் வினாக்கள். மாணவரின் தொடரில் ‘14ஆம் ஆட்சியாண்டு’ என்னும் குறிப்பு இடம்பெற்றிருப்பின், முதல் வினாவிற்கான விடை தொடங்கியிருக்கும். வகுப்பில் வரையறைகளை எழுதச்செய்வதற்கு முன், மாணவர் எழுதிய ஒரு தொடரை எடுத்து இந்நான்கு வினாக்களையும் அதனிடம் கேட்கச்செய்யலாம்.