தாளில் இருப்பதைக் காட்டிக் கேளுங்கள்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். செய்முறைத் தேர்வில் 60-க்கு 31 மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவி, மறுமதிப்பீடு கேட்டு எழுதிய மனுவைப் போன மாதம் என்னிடம் கொண்டு வந்தாள். "எனக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது, நான் மிகவும் நன்றாகச் செய்திருந்தேன்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். வருத்தம் உண்மையானதுதான். ஆனால் அதைப் படிக்கும் அதிகாரி விடைத்தாளில் எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்?

"முதலில் விடைத்தாளின் நகலை வாங்கிட்டு வாம்மா" என்றேன். தேர்வர் தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் தாளை அலுவலகம் பாதுகாத்து வைத்திருக்கும் காலம் வரைதான் அந்த உரிமை செல்லும். அதனால் தாமதிக்கக் கூடாது. அவளுடைய கல்லூரியில் கட்டணம் கட்டியதும் நகல் கிடைத்துவிட்டது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு ஆக்ஸாலிக் அமிலத்தின் அளவைக் கண்டறிவதுதான் அவளுக்கு வந்த சோதனை. நகலை மேசையில் விரித்து வரிவரியாகப் பார்த்தோம்.

முதல் தவறு எண்களிலேயே தெரிந்தது. கணக்கீட்டுக்கு உள்பக்கத்தில் 6 போட்டிருந்தார்கள். முகப்புப் பக்கத்தில் அது 3 ஆகியிருந்தது. உள்ளே இருப்பதைக் கூட்டினால் 7, 12, 9, 6 என்று 34 வருகிறது. முகப்பில் 31.

இரண்டாவது, அளவீட்டு அட்டவணை. தரம்பார்த்தலில் அடுத்தடுத்து இரண்டு அளவீடுகள் ஒன்றுபோல வந்தால்தான் அந்த எண்ணை ஏற்பார்கள். அவளுக்கு முதலில் 19.6 மில்லி, பிறகு 19.4. பக்கம் அங்கே முடிந்துவிட, மூன்றாவது அளவீடான 19.4-ஐ அடுத்த பக்கத்தின் தலையில் எழுதியிருந்தாள். திருத்தியவர் முதல் பக்கத்தோடு நின்று, "ஒத்த அளவீடு இல்லை" என்று 3 மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். நிறங்காட்டியின் பெயர் எழுதவில்லை என்று 2 மதிப்பெண் போயிருந்தது. இந்தச் சோதனைக்குத் தனி நிறங்காட்டி கிடையாது. அமிலம் தீரும் வரை குடுவையில் விழும் ஊதாத் துளி நிறமிழந்துவிடும். தீர்ந்த பிறகு விழும் ஒரு துளியே வெளிர் இளஞ்சிவப்பாய் நின்றுவிடும். அதாவது பெர்மாங்கனேட்டே நிறங்காட்டி. "தானே நிறங்காட்டி, முடிவு நிலை: நிலைத்த வெளிர் இளஞ்சிவப்பு" என்று அவள் தெளிவாக எழுதியிருந்தாள்.

இன்னும் இரண்டு குறைகளைப் பழைய மனுவில் சேர்த்திருந்தாள். அமிலக் கரைசலை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும் என்பதை எழுதாததற்கு 2 மதிப்பெண் குறைத்திருந்தார்கள். குளிர்ந்த கரைசலில் வினை மெதுவாக நடப்பதால் அந்த வரி அவசியம், குறைத்தது சரிதான். பியூரெட் குழாய் கசிந்தது என்பது அடுத்தது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கசிவைத் தேர்வு நேரத்திலேயே கண்காணிப்பாளரிடம் சொல்லி வேறு பியூரெட் வாங்கியிருக்க வேண்டும். தாளில் பதிவாகாத ஒன்றை மறுமதிப்பீடு செய்பவரால் சரிபார்க்க முடியாது. செய்முறைத் தேர்வில் மறுமதிப்பீட்டின் எல்லை அதுதான். இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"விட்டுட்டா எனக்குத்தானே சார் நஷ்டம்?" என்றாள். நிற்காத ஒரு குறையைச் சேர்த்தால் நிற்கிற மூன்றையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டாள். புதிய மனு ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது:

"மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு, வணக்கம். என் செய்முறைத் தேர்வு விடைத்தாளின் நகலைப் பெற்றுப் பார்த்தேன். கீழ்க்காணும் மூன்று இடங்களை மட்டும் மீண்டும் பார்க்கும்படிப் பணிவுடன் வேண்டுகிறேன். கணக்கீட்டுக்கு 5-ஆம் பக்கத்தில் வழங்கிய 6 மதிப்பெண், முகப்பில் 3 எனப் பதிவாகியுள்ளது. ஒத்த அளவீடு 19.4 மி.லி., 4-ஆம் பக்கத்தின் முதல் வரியில் உள்ளது. நிறங்காட்டி பற்றிய குறிப்பு 2-ஆம் பக்கத்தின் கடைசி வரியில் உள்ளது. அந்தப் பக்கங்களின் நகல்களை இணைத்துள்ளேன். தங்கள் முடிவு எதுவாயினும் ஏற்றுக்கொள்கிறேன்."

திருத்தியவர் பெயரோ, அவர் மீது குறையோ இதில் இல்லை. ஒரே நாளில் கட்டுக்கட்டாகத் தாள் பார்ப்பவர் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விடுவது நடக்கக்கூடியதுதான். மனுவைப் பார்க்கும் அலுவலரும் மூன்று பக்கங்களைத் திருப்பினால் போதும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மூன்று திருத்தங்களையும் ஏற்று 31-ஐ 39 ஆக்கியிருந்தார்கள். சூடாக்கும் வரி எழுதாததற்குக் குறைத்த 2 மதிப்பெண் அப்படியே இருக்கிறது.