கறிச்சுக்காவும் உள்ளுறை வெப்பமும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அந்த நான் சென்ற தீபாவளியன்று ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறியைக் கெடுத்த கதையிலிருந்துதான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எனது ஊர் ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியில் அணை இருக்கும் ஊர் என்றால் விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நண்பர்களுக்கு உடனே விளங்கும். அம்மா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறார். தீபாவளிக்கு முன்பு போனஸ் கைக்கு வந்தால்தான் எங்கள் வீட்டில் ஒரு முழுக் கிலோ கறி. மற்ற நாட்களில் கால் கிலோவும் குழம்பும்தான். அந்தத் தீபாவளியன்று அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மார் தட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். கனமான இரும்புச் சட்டியைத் தூக்கச் சோம்பல்பட்டு, மெல்லிய அலுமினியச் சட்டியை ஏற்றினேன். கறி வேகிற வரையில் சிறு தீ வைத்தேன். தண்ணீர் வற்றத் தொடங்கியதும், "இனி சுருண்டு வர வேண்டியதுதானே" என்று நாலு விறகை உள்ளே தள்ளினேன். கொத்தமல்லித் தழை பறிக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் வீடு முழுவதும் மிளகாய் நெடி. மேலே கரி, உள்ளே ரப்பர். அப்பா ஒன்றும் சொல்லாமல் உண்டார். தங்கை மட்டும் இரண்டு துண்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

படுத்திருந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "ஏய்யா, தண்ணி கெடக்குற வரைக்கும் அடுப்பு எரியட்டும். தண்ணி வத்துன ஒடனே வெறக இழுத்துரணும். நீ மாத்திச் செஞ்சுட்ட."

இந்தச் சொற்களின் முழுப் பொருள் எனக்குச் சில வாரங்கள் கழித்து ஆய்வகத்தில்தான் விளங்கிற்று. மெழுகின் உருகுநிலை காணும் சோதனையை நம்மில் பலரும் செய்திருக்கிறோம். உருகிய மெழுகை ஆறவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போட்டால், கோடு சரிந்து வந்து ஓரிடத்தில் படுத்துக்கொள்ளும். மெழுகு முழுவதும் உறைந்த பிறகே மீண்டும் சரியும். அந்தப் படுத்த கோட்டைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுச் சட்டிதான் நினைவுக்கு வந்தது. கொதிக்கும் தண்ணீரும் இப்படித்தானே? தீயை எவ்வளவு கூட்டினாலும், தண்ணீர் இருக்கிற வரையில் சட்டிக்குள் ஏறத்தாழ 100 பாகைதான். கொடுத்த வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். இதைத்தான் நாம் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறோம்.

இனி ஒரு சிறு கணக்கு. கறி வெந்து மூடியைத் திறக்கும்போது, ஊற்றிய தண்ணீரும் கறி விட்ட தண்ணீருமாகச் சேர்ந்து சட்டியில் 600 கிராம் தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2260 கிலோஜூல் வேண்டும். ஆகவே 600 கிராமுக்கு ஏறத்தாழ 1356 கிலோஜூல். அது 20 நிமிடத்தில் வற்றுகிறதென்றால், அடுப்பு நிமிடத்துக்கு 68 கிலோஜூல் தருகிறது.

தண்ணீர் வற்றியாயிற்று, அதே தீ எரிகிறது. இப்போது சட்டி 100 பாகையிலிருந்து 150 பாகைக்கு ஏற எவ்வளவு வேண்டும்? எங்கள் இரும்புச் சட்டி 3 கிலோ. ஒரு கிலோ இரும்பை ஒரு பாகை உயர்த்த 0.45 கிலோஜூல் வேண்டும். 3, 0.45, 50 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 67.5 கிலோஜூல். அதாவது, தண்ணீரை வற்ற வைக்க 20 நிமிடம் எடுத்துக்கொண்ட அதே தீ, சட்டியை 50 பாகை உயர்த்த ஒரே ஒரு நிமிடம்தான் எடுத்துக்கொள்கிறது!

நான் ஏற்றிய அலுமினியச் சட்டி 600 கிராம் இருக்கும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அலுமினியம் இரும்பைப் போல் இரு மடங்கு வெப்பத்தை வாங்கக்கூடியது. ஆனால் எடைதான் இல்லையே! 0.6, 0.9, 50 ஆகியவற்றைப் பெருக்கினால் 27 கிலோஜூல். 24 வினாடியில் 150 பாகை. கறியும் எண்ணெயும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் உண்மையில் இந்த நேரங்கள் இதைவிடச் சற்று நீளும் என்பது சரியே. என்றாலும், கொத்தமல்லித் தழை பறித்து வருகிற நேரத்தில் என்ன நடந்தது என்பது தெளிவாகிவிட்டது. கனத்த சட்டி சுவையை எங்கிருந்தோ கொண்டுவருவதில்லை. தீயைக் குறைக்க நமக்கு அவகாசம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்து வந்த கரிநாளன்று மறுபடியும் கறி எடுத்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, நான் சமைத்தேன். இம்முறை இரும்புச் சட்டி. விறகு எங்கள் பக்கத்துச் சீமைக்கருவேல். அன்று நடந்ததை மூன்று கட்டங்களாகச் சொல்கிறேன்.

முதற்கட்டம், வேகும் கட்டம். மூன்று கரண்டி நல்லெண்ணெயில் 200 கிராம் சின்ன வெங்காயத்தை வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சள் தூளும் சேர்த்து, நெல்லிக்காய் அளவில் வெட்டிய ஒரு கிலோ எலும்புக் கறியைப் போட்டு, உப்பிட்டு மூடினோம். கால் மணி நேரத்தில் கறி தானே தண்ணீர் விட்டது. பிறகு இரண்டு தம்ளர் வெந்நீர் ஊற்றி முக்கால் மணி நேரம் மூடி வைத்தோம். ஆட்டுக்கறியைக் கடினமாக்குவது தசைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம். அது ஈரத்தோடும் சூட்டோடும் நெடுநேரம் கிடந்தால்தான் இளகிப் பசையாகும். தளதளவென்று கொதித்தாலும் 100 பாகைதான், மெல்லக் குமிழியிட்டாலும் ஏறத்தாழ அதேதான். ஆகவே இங்கே பெருந்தீ விறகுக்குத்தான் கேடு. கறி சீக்கிரம் வேகாது. ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது. அதற்குள் தண்ணீர் குறைந்துவிட்டால், அரைத் தம்ளர் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் கட்டம், வற்றும் கட்டம். மூடியை எடுத்து, மூன்று கரண்டி மல்லித்தூளும் இரண்டு கரண்டி மிளகாய்த்தூளும் போட்டோம். தூளை இப்போதே போடுவதில் ஒரு காரணம் உண்டு. கறி கருகுவதற்கு வெகு முன்பே மிளகாய்த்தூள் கருகிவிடும். தண்ணீரில் ஊறிக் கறியோடு ஒட்டிக்கொண்ட தூள், காய்ந்த எண்ணெயில் நேராக விழும் தூளைவிட நெடுநேரம் தாங்கும். தீயை நன்றாக எரியவிடும் கட்டம் இது ஒன்றே. 20 நிமிடத்தில் தண்ணீர் வற்றியது.

இக்கட்டத்தின் முடிவை எப்படி அறிவது? அம்மா சட்டியைப் பார்க்கவே இல்லை. அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்துகொண்டே காதால் கேட்டார். தண்ணீர் நிறைய உள்ளபோது ஒலி கொழகொழவென்று கனமாக இருக்கும். வற்ற வற்ற அது சடசடவென்று மெலிந்து விரைவாகும். குமிழிகளும் பெரியவை போய், நுரை போன்ற சிறியவையாகும். கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்கும்; ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அந்த நொடியில் அம்மா "இழு!" என்றார். எரிகிற விறகுகளை வெளியே இழுத்துவிட்டேன். அடுப்பில் கங்கு மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் கட்டம், சுருளும் கட்டம். ஈரம் போன கறியின் மேற்பரப்பு இப்போதுதான் 100 பாகையைத் தாண்டுகிறது. 140 பாகையை ஒட்டிப் புரதத்தின் கூறுகளும் சர்க்கரைகளும் வேகமாக வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. 1912ஆம் ஆண்டு இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் என்பவரின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. வேகவைத்த கறியில் இந்த மணம் ஏன் இல்லை என்பதற்கும் இதுவே விடை: தண்ணீர் அந்த வெப்பநிலைக்கு ஏறவே விடுவதில்லை. ஆனால் இன்னும் 40, 50 பாகை ஏறினால் பழுப்பு கருப்பாகும், மணம் கசப்பாகும். நாம் நிற்க வேண்டிய இடம் இந்தக் குறுகிய இடைவெளிதான். பெருந்தீயில் அதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவோம். கங்கின் மேலோ, கால் மணி நேரம் அங்கேயே தங்கலாம். நிமிடத்துக்கு ஒரு முறை அடியோடு புரட்டினேன். வெள்ளை ஆவி வரும் வரை கவலையில்லை. நீலம் பாய்ந்த மெல்லிய புகை எழுந்தால் சட்டியை உடனே இறக்க வேண்டும்.

கடைசியில் கங்கையும் வாரிவிட்டு, இடித்த மிளகு, சோம்பு, கறிவேப்பிலை தூவிப் புரட்டினோம். மிளகின் மணம் சூட்டில் பறந்துவிடுமாதலால் அதற்குச் சட்டியில் மிஞ்சிய சூடே போதும். அந்தச் சூடு ஐந்து நிமிடம் வேலை செய்யும். ஆகவே கறி நாம் விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்பே தீயை நிறுத்திவிட வேண்டும்.

அப்படியும் அடிப்பிடித்துவிட்டால் சுரண்டக் கூடாது. சுரண்டினால் அடியிலுள்ள கசப்பு முழுவதற்கும் ஏறிவிடும். மேலே உள்ளதை மட்டும் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பாதியாவது தப்பும். தீபாவளியன்று நான் கரண்டியால் நன்றாகச் சுரண்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கோழி வறுவலுக்கும் இதே மூன்று கட்டங்கள்தாம். முதற்கட்டத்தின் நேரம் மட்டும் மாறும். பிராய்லர் கோழி இளங்குஞ்சாகையால் தான் விட்ட தண்ணீரிலேயே கால் மணி நேரத்தில் வெந்துவிடும். தனியே தண்ணீர் வேண்டியதில்லை. முற்றிய நாட்டுக்கோழிக்கோ ஆட்டுக்கறியின் கணக்கே பொருந்தும்.

அன்று சாப்பிட்டு முடித்தபின் அம்மாவிடம் நோட்டைக் காட்டி, 1356, 67.5 என்று கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நான் சொன்னதத்தானே எழுதி வச்சிருக்க?" என்றார். ஆம், அதைத்தான் எழுதியிருக்கிறேன். பகலெல்லாம் ஒரு தீப்பொறியும் விழக்கூடாத இடத்தில் வேலை செய்பவர் அவர். தீயை எப்போது இழுக்க வேண்டும் என்பதை அவரிடம் கேட்டு அறிந்தேன். ஏன் இழுக்க வேண்டும் என்பதை இந்தக் கல்லூரியில் படித்து அறிந்தேன். தங்கை அன்று எதையும் ஒதுக்கி வைக்கவில்லை.