75 பிஎஸ் மின்சாரக் கார், 86 பிஎஸ் பெட்ரோல் காரை முந்துவது எப்படி?

டாடா டியாகோ ஒரே உடம்பில் இரண்டு விதமாக விற்பனைக்கு வந்த கார். பெட்ரோல் டியாகோவின் விவரத்தாளில் 6000 ஆர்பிஎம்மில் 86 பிஎஸ், 3300 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர் டார்க் என்று இருக்கும். பெரிய பேட்டரி கொண்ட மின்சார டியாகோவுக்கு 55 கிலோவாட், 114 நியூட்டன் மீட்டர். டார்க் ஏறக்குறைய சமம், சக்தியில் பெட்ரோல் கார் முன்னே நிற்கிறது. போதாததற்கு மின்சாரக் கார், பேட்டரியின் எடையால் நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் கனம். ஆனாலும் நகரச் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்கள், மின்சார டியாகோதான் சட்டென்று பாய்கிறது என்பார்கள். அது உண்மைதான். ஏன் என்று புரிந்துகொண்டால் எந்த இரண்டு கார்களையும் ஒப்பிட்டுவிடலாம்.

முதலில் ஒரே அலகுக்கு வருவோம்

கிணற்று மோட்டார் வாங்கியவர்களுக்கு இது பழகிய கணக்கு. 5 ஹெச்பி மோட்டாரின் தகட்டில் பக்கத்திலேயே 3.7 கிலோவாட் என்றும் அடித்திருப்பார்கள். இரண்டும் ஒரே சக்தியின் இரண்டு பெயர்கள். கார்களில் குதிரைத்திறனை ஹெச்பி என்றும் எழுதுகிறார்கள், பிஎஸ் என்றும் எழுதுகிறார்கள். ஒரு கிலோவாட் என்பது 1.34 ஹெச்பி, அல்லது 1.36 பிஎஸ். இந்தச் சின்ன வித்தியாசம் கார் வாங்குகிறவரைப் பாதிக்காது.

அப்படியானால் மின்சார டியாகோவின் 55 கிலோவாட், 75 பிஎஸ் ஆகிறது. பெட்ரோல் டியாகோவின் 86 பிஎஸ், 63 கிலோவாட். கிலோவாட்-ஹவர் என்ற அலகை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதைச் சொல்வது. பெட்ரோல் டேங்கின் லிட்டர் கணக்கு மாதிரி.

டார்க் என்பது திருகும் பலம்

டயர் மாற்றும்போது இறுகிப்போன நட்டை ஸ்பானர் போட்டுத் திருகுகிறோமே, அந்தத் திருகும் பலம்தான் டார்க். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டால், மறுமுனையில் சுமார் 98 நியூட்டன் மீட்டர் டார்க் கிடைக்கும். நட்டு அசையாவிட்டாலும் அந்த டார்க் இருக்கும். ஆனால் வேலை நடக்க வேண்டுமென்றால் அது சுழல வேண்டும். எவ்வளவு பலத்தோடு, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சக்தி:

கிலோவாட் = நியூட்டன் மீட்டர் × ஆர்பிஎம் ÷ 9549

இந்தக் கணக்கை வைத்து விவரத்தாளைத் திரும்பப் படியுங்கள். பெட்ரோல் இன்ஜினின் 63 கிலோவாட், 6000 ஆர்பிஎம்மில் மட்டுமே கிடைப்பது. டார்க் உச்சத்தில் இருக்கும் 3300 ஆர்பிஎம்மில்கூட அது தருவது 39 கிலோவாட்தான். அன்றாட ஓட்டத்தில் நாம் 6000 ஆர்பிஎம் வரை இன்ஜினை அலறவிடுவதில்லை.

மின் மோட்டாரின் கதை வேறு. நின்ற நிலையிலிருந்தே முழு டார்க்கும் தயாராக இருக்கும். 114 நியூட்டன் மீட்டர் குறையாமல் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போனால், சுமார் 4600 ஆர்பிஎம்மில் 55 கிலோவாட் ஆகிவிடும். அதற்கு மேல் மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுக் கருவி அளந்து கொடுப்பதால், சக்தி 55 கிலோவாட்டை ஒட்டியே நிற்கும், டார்க் படிப்படியாகக் குறையும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்தை முந்தும்போது

கியர் விகிதங்களை, இந்த அளவுக் கார்களுக்கு ஒத்துவரும்படி, நாமே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் டயர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 365 முறை சுற்றும். பெட்ரோல் கார் மூன்றாவது கியரில் இருக்கிறது. டயர் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் ஐந்தரைச் சுற்று. அதாவது 2000 ஆர்பிஎம். அங்கே 95 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது என்று கொண்டால் சக்தி 20 கிலோவாட். மின்சாரக் காரில் ஒரே கியர். டயரின் ஒரு சுற்றுக்கு மோட்டார் 9 சுற்று என்று வைத்தால் 3285 ஆர்பிஎம். முழு 114 நியூட்டன் மீட்டரும் கையில் இருப்பதால் 39 கிலோவாட்.

கால் அழுத்திய அந்த நொடியில் மின்சாரக் காரிடம் இரட்டிப்பு சக்தி இருக்கிறது. பெட்ரோல் காரை இரண்டாவது கியருக்கு இறக்கினால் 33 கிலோவாட் வரை எட்டிப் பிடிக்கலாம், ஆனால் கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுவதற்குள் பேருந்துக்கு எதிரே லாரி வந்துவிடும்.

டார்க்கை டார்க்கோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம்

விவரத்தாளில் இருப்பது மோட்டார் தண்டின் டார்க், சக்கரத்தின் டார்க் அல்ல. இடையில் இருக்கும் கியர் அதைப் பெருக்குகிறது. மேலே சொன்ன கணக்கில் 114-ஐ 9 மடங்காக்கினால் சக்கரத்துக்குப் போவது 1026 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் காரின் முதல் கியர் 14 மடங்கு பெருக்குமானால் 1582 வரும்! ஆனால் அது முதல் கியரில், அதுவும் 3300 ஆர்பிஎம்மை ஒட்டிய சிறிது நேரத்துக்கு மட்டும். எனவே டார்க் எண்ணை மட்டும் பார்த்து இந்தக் கார் அதிகம் இழுக்கும் என்று முடிவுகட்ட முடியாது. ஓட்டும் வேகத்தில் எத்தனை கிலோவாட் கிடைக்கிறது என்பதே சரியான கேள்வி.

அதே கேள்வியை நெடுஞ்சாலையில் கேட்டால் பதில் மாறும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பெட்ரோல் காரும் மூன்றாவது கியரில் 5000 ஆர்பிஎம்மைத் தொட்டு 55 கிலோவாட் அருகே வந்துவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். எடையும் குறைவு. நகரத்தில் கண்ட பாய்ச்சலை அங்கே அதே அளவில் எதிர்பார்க்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

மின்சாரக் காரின் விவரத்தாளில் இருப்பது பெரும்பாலும் உச்ச சக்தி. மோட்டாரும் பேட்டரியும் சூடாவதால் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. அதனால்தான் அரசு அங்கீகாரச் சோதனையில் ‘30 நிமிடச் சக்தி’ என்று இன்னொரு எண்ணையும் அளக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகனின் ஐடி.3 காரில், 150 கிலோவாட் என்று விற்கப்படும் ஒரு வகைக்கு ஜெர்மனியின் பதிவுச் சான்றிதழில் இருப்பது 70 கிலோவாட். இரண்டும் சரியான எண்களே.

பாதியாகக் குறைகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. ஐந்து பேரும் பெட்டிகளுமாக 1550 கிலோ எடையோடு, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மலைப்பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்துக்குத் தேவைப்படுவது 12 கிலோவாட் போலத்தான். ஊட்டி ஏறும்போது கவலைப்பட வேண்டியது மோட்டாரின் பலத்தைப் பற்றியல்ல, சார்ஜ் கரைவதைப் பற்றி.

சார்ஜ் அடிமட்டத்துக்கு வரும்போது பல கார்கள் சக்தியைத் தாமே குறைத்துக்கொள்ளும். சில கார்களில் முழுச் சக்தி ஸ்போர்ட் மோடில் மட்டுமே வரும். ஷோரூமில் முழு சார்ஜோடு, ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்ப்பது அதனால் போதாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, சார்ஜ் கால்பங்குக்குக் கீழே இருக்கும்போது, வழக்கமாக நீங்கள் ஓட்டும் மோடில், 40-லிருந்து 80-க்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பெட்ரோல் காரிலும், ஒரு கியர் இறக்கி, அதையே செய்யுங்கள். விவரத்தாளின் இரண்டு எண்களும் சேர்ந்து சொல்ல வருவதை அந்த நொடிக்கணக்கு ஒரே எண்ணில் சொல்லிவிடும்.