பற்றரிக்குள் பொன்னிறம்

பென்சில் முனையில் இருக்கும் கறுப்புப் பொருள் காரீயம். நம் நாட்டில் போகலயிலும் கஹட்டகஹவிலும் சுரங்கம் தோண்டி எடுக்கிறார்கள். அதே வகைப் பொருளைத்தான் மெல்லிய செப்புத் தகட்டில் பூசி லிதியம் பற்றரியின் எதிர்முனையாக வைக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது லிதியம் அயன்கள் காரீயத்தின் அடுக்குகளுக்கு இடையே போய் அமர்கின்றன. அவை நிறைய நிறையக் காரீயத்தின் நிறமும் மாறுகிறது. கறுப்பாக இருந்தது கருநீலமாகும், பிறகு செந்நிறமாகும், முழுதாக நிறைந்ததும் பொன்னிறமாகிவிடும். ஒட்சிசன் இல்லாத பெட்டிக்குள் வைத்து, முழுச் சார்ஜில் உள்ள கலத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் இந்தப் பொன்தகட்டைக் கண்ணால் காண்கிறார்கள். காற்றுப் பட்டாலே அது எரியக்கூடும் என்பதால் வீட்டில் யாரும் பார்க்க முடியாத, பார்க்கவும் கூடாத காட்சி அது.

பற்றரி மிக வேகமாக முதுமை அடைவதும் இந்தப் பொன்னிற நிலையில்தான். அதோடு வெப்பமும் சேர்ந்துவிட்டால் சேதம் பல மடங்காகும்.

கிழக்குக் கரையோரக் கோமாரியில் அந்த வெப்பத்துக்குக் குறைவில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். அது அடிக்கும் நாட்களில் நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் 40 பாகை ஆச்சரியமில்லை. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் கறுப்பு இருக்கைக்கு அடியில் 50 வரைகூட ஏறும்.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு இந்தக் கரையோரத்திலும் மின்சார ஸ்கூட்டரைப் பற்றிய பேச்சு கூடியது. வாங்கியவர்கள் பொதுவாக அஞ்சுவது ஓட்டத்தைத்தான். தார் றோட்டின் சூட்டில் ஓடினால் பற்றரி கெட்டுவிடும் என்கிறார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கோமாரியிலிருந்து பொத்துவிலுக்கு வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 12 கிலோமீற்றர். அவருடைய ஸ்கூட்டரில் கழற்றி எடுக்கக்கூடிய 60 வோல்ற், 24 அம்பியர்-மணி லிதியம் பற்றரி. எடை ஏறத்தாழ 10 கிலோ. நிதானமாக ஓட்டினால் 14 அம்பியர் மட்டில் மின்னோட்டம் போகும். பற்றரியின் உள்தடை 0.1 ஓம் என்றால் உள்ளே பிறக்கும் வெப்பம் 20 வாற். 22 நிமிட ஓட்டத்தில் 10 கிலோ எடையுள்ள பொருளை அது 3 பாகைதான் சூடாக்கும். பின்னால் ஆளையும் ஏற்றிக்கொண்டு, காற்றை எதிர்த்து முழு வேகத்தில் முறுக்கி, மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகி 12 பாகை ஏறும். அது கவனிக்க வேண்டிய அளவுதான். ஆனாலும் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் இருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஓட்டம் 365 மணிதான். மிச்சம் 8,395 மணி நேரமும் பற்றரி சும்மா நிற்கிறது. அதன் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த நேரம் எங்கே, எவ்வளவு சார்ஜோடு கழிகிறது என்பதே.

சும்மா நிற்கும் பற்றரிக்கு உள்ளே என்ன நடக்கிறது? இரு முனைகளுக்கும் நடுவே உள்ள மின்பகுபொருள், லிதியம் உப்புக் கரைந்த ஒரு சேதனத் திரவம். லிதியம் நிறைந்த காரீயத்தைத் தொட்டால் அந்தத் திரவம் சிதைகிறது. அப்படிச் சிதைந்ததில் உண்டாகும் படலம், காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோலக் காரீயத்தின்மேல் படிகிறது. அந்த ஆடை வேண்டும், ஏனென்றால் மேலும் சிதைவு நடக்காமல் அதுதான் காக்கிறது. ஆனால் அது முழுக் காவல் அல்ல. மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது லிதியம் அதில் சிக்கி, திரும்ப வேலைக்கு வராமல் போகிறது. பற்றரியின் கொள்ளளவு குறைவது பெரும்பாலும் இப்படித்தான். இது வேதி வினை என்பதால் வெப்பத்துக்கு அடங்கி நடக்கும். 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது அண்ணளவான விதி.

சார்ஜின் அளவு இதில் எப்படிச் சேர்கிறது என்பதை ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாகக் காட்டினார்கள். வெவ்வேறு அளவு சார்ஜில் கலங்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். சார்ஜ் கூடக் கூடச் சேதமும் சீராகக் கூடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. கீழ்ப்பகுதி முழுவதும் சேதம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்து, 60 சதவீதம் அளவில் ஒரு படி ஏறியது. காரணம் காரீயத்தின் அடுக்குகளில் இருக்கிறது. லிதியம் முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்குகளை நிரப்புகிறது. அதுதான் செந்நிறக் கட்டம். அது முடிந்து, விட்டுப்போன அடுக்குகளும் நிரம்பத் தொடங்கும்போது முனையின் மின்னழுத்தம் திடீரென ஒரு படி கீழே இறங்குகிறது. அந்த நிலையில் காரீயம் திரவத்தை இன்னும் கடுமையாகத் தாக்கும். பொன்னிறம் பரவத் தொடங்கும் இடமும் அதுவே.

கனடாவின் ‘பற்றரி யூனிவர்சிட்டி’ வெளியிட்டுள்ள அட்டவணை இதை எண்களில் சொல்கிறது. கோபால்ற்று சேர்ந்த லிதியம் கலம் 25 பாகையில், 40 சதவீதச் சார்ஜில் ஓராண்டு இருந்தால் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 பாகையில், முழுச் சார்ஜில் இருந்தால் 65தான் மிஞ்சும். ஆனால் அதே 40 பாகையில், 40 சதவீதச் சார்ஜில் இருந்தால் 85. கச்சானை நாம் நிறுத்த முடியாது. இந்த 65க்கும் 85க்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் நம் கையில் இருக்கிறது.

பொத்துவிலுக்குப் போகிறவரிடம் திரும்பி வருவோம். பலரைப் போல அவரும் 100 சதவீதத்தோடு புறப்படுகிறார் என்று வைப்போம். ஒரு வழிக்கு 21 சதவீதம் செலவாகும். 79 சதவீதத்தில் வண்டி வெயிலில் ஆறு மணி நேரம் நிற்கிறது. இரண்டு மணிக்கு 58 சதவீதத்தோடு வீடு வந்ததும், சூடு ஆறுமுன்பே பிளக்கைச் செருகுகிறார். நாலரை மணிக்கெல்லாம் பற்றரி நிறைந்துவிடும். அங்கிருந்து மறுநாள் காலை வரை, தகரக் கூரைக்குக் கீழே, பொன்னிறத்திலேயே கிடக்கும். அநேகமாக நாள் முழுக்க அந்தப் படிக்கு மேலேதான் வாழ்க்கை.

அதே மனிதர், அதே பற்றரி, அதே 24 கிலோமீற்றர். இப்போது 80 சதவீதத்தோடு புறப்படட்டும். பொத்துவிலில் வண்டி நிற்கும் அந்தக் கொடும் நேரத்தில் பற்றரியில் இருப்பது 59. படிக்குக் கீழே வந்தாயிற்று. வீடு வரும்போது 38. உடனே செருகாமல் விட்டுவிடுகிறார். சுபஹ் பாங்கு சொல்லும் நேரத்தில், நாளிலேயே குளிர்ந்த வேளையில் 5 அம்பியர் சார்ஜரைப் போடுகிறார். தேவையான 10 அம்பியர்-மணியை அது இரண்டு மணி நேரத்தில் கொடுத்துவிடும். ஏழு மணிக்குப் புறப்படும்போது மறுபடி 80. சூடான பகல் எதிலும் பற்றரி நிறைந்து நிற்கவில்லை. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

80இல் நிறுத்த வசதியில்லாத சார்ஜர்தானே பலரிடம் இருக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்து எடுக்கலாம், அல்லது வோல்ற்றைப் பார்க்கலாம். சார்ஜரில் 67.2V என்று அச்சிட்டிருந்தால் உள்ளே 16 கலங்கள் தொடராக உள்ளன. சார்ஜரைக் கழற்றிச் சற்றுப் பொறுத்துப் பார்க்கும்போது 64 வோல்ற் என்றால் சுமார் 80 சதவீதம், 59 என்றால் பாதி. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுதாக ஏற்றுவதும் தேவை. கலங்களைச் சமப்படுத்தும் பலகை பெரும்பாலும் நிறையும் தறுவாயில்தான் வேலை செய்யும். அதை ஒரு நீண்ட பயணத்தின் காலையில் வைத்துக்கொண்டால் நிறைந்த கையோடு செலவாகிவிடும். இரும்பு பொஸ்பேற்று வகைப் பற்றரி வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், அதற்கு வோல்ற்றுக் கணக்கும் வேறு.

சூடு ஆறுவதைப் பற்றியும் ஒரு சொல். 10 கிலோ பற்றரி மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே ஆறும். திறந்த இடத்தில் வைத்தாலும் கூடுதல் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு வெளியேற இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இருக்கைப் பெட்டிக்குள் மூடிக் கிடந்தால் இன்னும் நேரமாகும். பெரும்பாலான கலங்களின் தரவுத்தாள், 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்கிறது. வந்ததும் பற்றரியைத் தொட்டுப் பார்த்து, உள்ளங்கைக்குச் சூடாகப் பட்டால் பொறுப்பதே நல்லது.

ஆடி வேல் விழாவுக்காகத் திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் போகிறார்கள். அதுவும் கச்சான் காலம். புறப்படும் முதல்நாள் பற்றரியை நிரப்பி வைப்பது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் அது நேர் எதிரான வேலை. 59 வோல்ற் அளவில் நிறுத்தி, வண்டியிலிருந்து கழற்றி, சீமெந்து நிலத்தில் கட்டிலுக்கு அடியில் வைத்தால் போதும். கூரைக்குக் கீழ் நிலத்தோடு ஒட்டிய காற்றே வீட்டில் குளிர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். கழற்றாமல் விட்டால் வண்டியின் மின்சுற்று துளித்துளியாக இழுத்து, 40 வோல்ற்றுக்கும் கீழே கொண்டுபோகலாம். அதைவிட வெகுவாக இறங்கினால் செப்புத் தகடே கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் போட்டுப் பார்ப்பது ஆபத்து.

இவை எல்லாம் லிதியத்துக்கு. விலை குறைந்த பல ஸ்கூட்டர்களில் இருப்பது ஈய-அமிலப் பற்றரி. 12 வோல்ற் பெட்டிகள் ஐந்து, மொத்தம் 30 கிலோவுக்கு மேல். ஒரு கையால் தூக்க முடியாவிட்டால் அநேகமாக அதுவே. அதற்கு மேலே சொன்னதைச் செய்தால் கெட்டுவிடும். குறைந்த சார்ஜில் நிற்கும் ஈயத் தகட்டில் சல்பேற்றுக் கட்டிபிடித்து, பிறகு கரைய மறுக்கும். ஆகவே அதை ஓட்டிவந்ததும் ஆறவிட்டு முழுதாக ஏற்ற வேண்டும், சும்மா வைத்தாலும் மாதம் ஒருமுறை நிரப்ப வேண்டும். வெப்பம் அதையும் விடுவதில்லை. 8 பாகை கூடினால் ஆயுள் பாதி. வெயில் காலத்தில் சார்ஜரின் வோல்ற் சற்றுக் குறைய வேண்டும், மலிவான சார்ஜர்கள் குறைப்பதில்லை. பெட்டியின் பக்கங்கள் உப்புவது உள்ளே அளவுமீறிச் சூடாகி வாயு சேர்ந்ததன் அடையாளம்.

லிதியத்தில் தேய்மானத்தைக் கண்டறிய, ஒரே பாதையை ஒரே வேகத்தில் ஓடி, புறப்படும்போதும் வந்து சற்று ஆறிய பின்பும் வோல்ற்றைக் குறித்து வைத்தால் போதும். புதிதாக இருந்தபோது கோமாரி-பொத்துவில்-கோமாரிக்கு 64இலிருந்து 58க்கு இறங்கியது இப்போது 56க்கு இறங்குகிறது என்றால் கொள்ளளவு குறைந்திருக்கிறது. முறுக்கும்போது வோல்ற் சட்டென விழுந்து, விட்டதும் எழும்பினால் உள்தடை கூடியிருக்கிறது, ஓட்டத்திலும் சூடு கூடுதலாகப் பிறக்கும். கடற்காற்றில் பச்சை பிடித்த இணைப்பு முனையும் இதே குறியைக் காட்டும் என்பதால் பிளக்கை முதலில் பார்க்க வேண்டும். பற்றரி முழுதும் இளஞ்சூடாக இருக்க முனை மட்டும் சுட்டால் குற்றம் முனையில்தான். ஆனால் உறை உப்பியிருந்தாலோ, இனிப்பான கரைப்பான் வாசம் வந்தாலோ சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, வீட்டுக்கு வெளியே, எரியக்கூடியது எதுவும் இல்லாத நிழலில் வைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரைக் கூப்பிட வேண்டும்.