ஐந்தாவதாக வந்த பையனுக்கு என்ன சொல்வது?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், தம்பி. ஆண்டு விழா மேடையில் பரிசு வாங்காத பிள்ளைகளுக்காகவும் பேச வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டதைச் சொல்லலாம் என்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் அது உலகத்திலேயே நான்காவதாக வந்தவரின் கதை. நம் மைதானத்தில் ஐந்தாவதாக வந்த எட்டாம் வகுப்புப் பையனிடம் அவனுடைய ஓட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அதற்கு நீங்கள் ஓட்ட நேரம் குறித்து வைக்கும் நோட்டு போதும். இப்படி ஒரு பையனை வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் 100 மீட்டரை 15.8 நொடியில் ஓடினான். விளையாட்டு விழாவில் 14.9. முதலில் வந்தவன் 13.6. மேடையில் படிப்பது அந்தக் கடைசி எண்ணை மட்டும்தான். 15.8 எப்படி 14.9 ஆனது என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜூனிலும் விழாவிலும் நேரம் எடுத்த விதம் ஒன்றாக இருக்க வேண்டும். விசில் சத்தம் 100 மீட்டரைக் கடந்து வர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். முடிவுக் கோட்டில் நிற்பவர் சத்தம் கேட்டு வாட்சை அழுத்தினால், ஓடியவனுக்கு அந்த 0.3 சும்மா கிடைத்துவிடும். கொடி இறங்குவதைப் பார்த்து அழுத்தியிருந்தால் அந்தக் குழப்பம் இல்லை. கை வாட்சில் நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசத்தை முன்னேற்றம் என்று சொல்லாதீர்கள், பிள்ளை நம்பிவிடுவான். 0.9 என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்தது பிறந்த தேதி. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் சேர்ந்து ஓடுகிறார்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் ஆண் பிள்ளைகள் ஒரே வருஷத்தில் எட்டு, பத்து சென்டிமீட்டர்கூட உயர்ந்துவிடுவார்கள். அந்த வளர்ச்சி ஒருவனுக்கு முன்னால் வரும், இன்னொருவனுக்குப் பின்னால் வரும். முதலில் வந்தவனுக்கு மீசை அரும்பியிருப்பதும், நம் பையன் அவன் தோளுக்குக்கூட எட்டாததும் ஓட்டத்தில் தெரியத்தான் செய்யும். "நீயும் வளர்ந்தால் ஜெயிப்பாய்" என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. "இந்த வருஷத்து இடத்தை வைத்து உன் ஓட்டத்தை முடிவுகட்டாதே" என்று சொல்ல உரிமை உண்டு.

பெயர் சொல்லாமல் பேசுங்கள். தோற்றவன் என்று ஊரே திரும்பிப் பார்த்தால் கூசிப்போவான். "ஜூனில் 15.8 ஓடிய ஒரு பையன் விளையாட்டு விழாவில் 14.9 ஓடினான்" என்றால் போதும், அவனுக்குத் தெரியும் அது யார் என்று. இதைப் பரிசளிப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கோப்பைகள் கொடுத்து முடிந்ததும் பாதிக் கூட்டம் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடும்.