பாடகரை விடுங்கள், பாட்டை ஆக்கியவரைத் தேடுங்கள்

லூயி ஆம்ஸ்ட்ராங் தம் கரகரத்த குரலில் பாடி 1967-ல் வெளியான ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாடல் எந்தெந்தப் படங்களில் வருகிறது? ஹாலிவுட் படம் பார்ப்பவர்கள் பலரும் ‘குட் மார்னிங், வியட்நாம்’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் யோசித்தால் இன்னும் ஒன்றிரண்டு வரும். நினைவு அதோடு நின்றுவிடும். முழுப் பட்டியல் வேண்டுமென்றால் படத்தின் கடைசியில் ஓடும் பெயர் வரிசையைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நாம் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில் திரையில் ஓடும் அந்த வரிசையில், பாடல்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஏற்கெனவே வெளிவந்த பாட்டைப் படத்தில் சேர்க்கத் தயாரிப்பாளர் இரண்டு உரிமைகளை வாங்க வேண்டும். வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டுக்கு ஒன்று. அதை ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலிக்கு இன்னொன்று. உரிமை கொடுத்தவர்களின் பெயரைப் போடுவது பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதனால் ஒரு பாட்டுக்கான குறிப்பு ஏறத்தாழ இப்படி அமையும்:

```
"What a Wonderful World"
Written by George David Weiss and Bob Thiele
Performed by Louis Armstrong
Courtesy of (இசைத்தட்டு நிறுவனம்)
```

Written by என்ற வரி பாட்டை ஆக்கியவர்களைச் சொல்கிறது. வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர் இருவருமே இதில் அடக்கம். Performed by என்பது இந்தப் படத்தில் கேட்கும் குரல் யாருடையது என்று சொல்கிறது. Courtesy of இருந்தால், ஏற்கெனவே பதிவான ஒலியை அதன் உரிமையாளரிடம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த வரி இல்லாவிட்டால், பாட்டைப் படத்துக்காகப் புதிதாகப் பாடவைத்திருக்கலாம். நடிகரே காட்சியில் பாடியிருக்கவும் கூடும்.

இந்தக் குறிப்புகளைப் படம் வாரியாகத் திரட்டி வைத்திருக்கிறது ஐஎம்டிபி தளம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் Soundtracks என்ற பகுதி இருக்கிறது. ஆனால் நம் கையில் படம் இல்லை, பாட்டுதான் இருக்கிறது. பாட்டுக்கென்று தனிப் பக்கம் அங்கே கிடையாது. மனிதர்களுக்குத்தான் பக்கம் உண்டு. ஒருவருடைய பக்கத்தில் Soundtrack என்ற தலைப்பின்கீழ், அவருடைய பாட்டு வரும் படங்கள் அடுக்கப்பட்டிருக்கும். படத்தின் பெயரோடு performer, writer என்ற குறிப்பும் பாட்டின் பெயரும் இருக்கும்.

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். இது ஆம்ஸ்ட்ராங் பாட்டு என்று அவருடைய பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே என்ன கிடைக்கும்? ‘குட் மார்னிங், வியட்நாம்’ (1987), ‘12 மங்கீஸ்’ (1995), மைக்கேல் மூரின் ஆவணப்படமான ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ (2002), ‘மடகாஸ்கர்’ (2005) போன்றவை கிடைக்கும். ஆனால் இதே பாட்டை ஹவாய்ப் பாடகர் இஸ்ரேல் காமகவிவோஓலே, சிறு கிட்டார் போன்ற உகுலேலேயை மீட்டிக்கொண்டு பாடியிருக்கிறார். அந்தப் பதிவு ‘மீட் ஜோ பிளாக்’ (1998), ‘ஃபைண்டிங் ஃபாரஸ்டர்’ (2000) படங்களில் வருகிறது. ராக் பாடகர் ஜோயி ரமோன் பாடியது ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’யில் (2003) இருக்கிறது. இந்த மூன்று படங்களும் ஆம்ஸ்ட்ராங் வழியாகப் போனால் கண்ணில் படாது. ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ படத்தில் ஆம்ஸ்ட்ராங் குரலோடு, முடிவில் ரமோன் குரலும் வருகிறது. அந்த இரண்டாவது பதிவும் தப்பிவிடும்.

யார் பாடினாலும் பாட்டை ஆக்கியவர் மாறுவதில்லை. ஆகவே Written by வரியைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆக்கியவர் பெயர் தெரியாவிட்டால், ஆஸ்காப், பிஎம்ஐ ஆகிய இரு அமெரிக்க உரிமைச் சங்கங்களின் தரவுகளைச் சேர்த்துக் காட்டும் ‘சாங்வியூ’வில் இலவசமாகத் தேடலாம்.

நம் பாட்டுக்கு இருவர் சொந்தக்காரர்கள். ஜார்ஜ் டேவிட் வைஸ் பட்டியல் மிக நீளமானது. எல்விஸ் பிரெஸ்லி பாடிய ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ பாட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பட்டியலில் நம் பாட்டைப் பொறுக்கி எடுப்பது பெரும் வேலை. பாப் தீல் முதன்மையாக இசைத்தட்டுத் தயாரிப்பாளர்; அவர் பெயரில் உள்ள பாட்டுகள் குறைவு. எனவே தீலிடமிருந்து தொடங்கிவிட்டு, வைஸ் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது எளிது. இரண்டிலும் இருப்பது உறுதி. ஒன்றில் மட்டும் இருந்தால், அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்து முழுக் குறிப்பையும் படிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. தீல் இந்தப் பாட்டுக்கு ஜார்ஜ் டக்ளஸ் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார். திரையில் அந்தப் பெயர் ஓடி, அதைத் தட்டச்சு செய்தவருக்கு அது தீல் என்று தெரியாமல் போனால், பதிவு வேறொரு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். இன்னொரு சிக்கல் இஸ்ரேலின் பதிவில் இருக்கிறது. அவர் ‘ஓவர் த ரெயின்போ’ என்ற பழைய பாட்டோடு இதைக் கோத்து ஒரே பாட்டாகப் பாடியவர். குறிப்பில் முதல் பாட்டின் பெயரை மட்டும் போட்டுவிட்டால், நம் தேடலில் அந்தப் படம் சிக்காது. ஆகவே இஸ்ரேலின் பக்கத்தைத் தனியாக ஒருமுறை பார்ப்பது நல்லது.

விடுபடுவது ஒரு பக்கம் என்றால், வேண்டாதது நுழைவது இன்னொரு பக்கம். சாம் குக் பாடி 1960-ல் வெளியான ‘வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ முற்றிலும் வேறு பாட்டு. ஆனால் சில பதிவுகளில் அதன் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘வாட் எ’ என்பதும் சேர்ந்திருக்கும். ‘அனிமல் ஹவுஸ்’ (1978), ‘விட்னஸ்’ (1985) படங்களில் வருவது அந்தப் பாட்டு. பாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இவையும் வலையில் விழும். Written by வரியில் லூ அட்லர், ஹெர்ப் ஆல்பர்ட் பெயர்களைக் கண்டால் தயங்காமல் நீக்கிவிடலாம். அந்தப் பாட்டிலும் ஒரு மறைப்பு உண்டு: தொடக்கத்தில் அது பார்பரா கேம்ப்பெல் பெயரில் வெளிவந்தது. அவர் சாம் குக்கின் மனைவி.

படத்தின் கதை நடக்கும் காலத்தை வைத்து எதையும் நீக்கக் கூடாது. ‘குட் மார்னிங், வியட்நாம்’ கதை 1965-ல் நடக்கிறது. அப்போது இந்தப் பாட்டு பிறக்கவே இல்லை. இருந்தும் படத்தில் இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பிறகுதான் பாட்டு அமெரிக்காவில் பரவலாகப் பிடித்தது.

மீதி இருப்பது சரிபார்ப்பு. ஐஎம்டிபியின் குறிப்புகளில் பெரும்பகுதி பயனர்கள் சேர்ப்பவை. uncredited என்று இருந்தால், திரையில் பெயர் வரவில்லை, யாரோ காதால் கேட்டுச் சேர்த்திருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். தொலைக்காட்சிப் பாட்டுப்போட்டிகளின் ஒவ்வொரு நிகழ்ச்சியும் பட்டியலில் வந்து குவியும். திரைப்படம் மட்டும் போதுமென்றால் அவற்றைக் கழிக்க வேண்டும். முன்னோட்டத்தில் மட்டும் ஒலித்த பாட்டு படத்தின் வரிசையில் வராது. படத்தின் பெயரில் வெளியாகும் இசைத்தொகுப்பையும் சாட்சியாக எடுக்க முடியாது. படத்தில் இல்லாத பாட்டுகளும் அதில் இடம்பெறுவதுண்டு.

ஆகவே பட்டியலில் படத்தின் பெயர், ஆண்டு, பாடியவர் ஆகியவற்றோடு ‘எங்கே பார்த்தது’ என்ற கட்டமும் தேவை. திரையில் ஓடிய வரிசையை நாமே படித்த படங்கள் ஒரு பிரிவு, தளத்தின் குறிப்பை மட்டும் நம்பிச் சேர்த்தவை இன்னொரு பிரிவு. இரண்டையும் கலக்காமல் வைத்தால், நாளை ஒரு படம் தவறென்று தெரியவரும்போது அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.